‘சரி’ என்று வந்த பதில் எதற்குச் சரி?

ஜூன் 24, திங்கட்கிழமை காலை. எங்கள் கணக்குப் பிரிவின் தலைவருக்கு நான் அனுப்பிய மெயில் இது.

> சப்ஜெக்ட்: சர்வர் தொடர்பாக
>
> வணக்கம் மேடம்,
>
> பில்லிங் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை பல வாரங்களாகப் பேச்சில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சர்வர் நிறுவனம் இப்போது அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் சர்வர் நிற்கும். அதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன். புதிய பதிப்பைச் சோதித்துப் பார்க்க உங்கள் பிரிவிலிருந்து யார் யார் வருவார்கள் என்ற பட்டியலும் வேண்டும். அப்புறம், போன மாதம் கேட்டிருந்த பழைய இன்வாய்ஸ் ஃபைல் இன்னும் வரவில்லை. அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.
>
> நன்றி.

மதியம் மூன்று மணிக்குப் பதில் வந்தது: “சரி, அனுப்புகிறேன்.” மறுநாள் சோதனைக்கு வருபவர்களின் பட்டியல் வந்து சேர்ந்தது. பதில் வந்துவிட்டது, பட்டியலும் வந்துவிட்டது, ஆகவே சனிக்கிழமைக்கும் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஜூன் 29 இரவு 10 மணிக்கு சர்வரை நிறுத்தினோம். 10:20-க்கு அவரிடமிருந்து போன் வந்தது. காலாண்டுக் கணக்கை முடிக்க அவருடைய பிரிவில் மூன்று பேர் அப்போது உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேமிக்காமல் திரையில் வைத்திருந்த சரிபார்ப்பு மொத்தமும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்கள் அதை மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

“நீங்கள் சரி என்று சொன்னீர்களே மேடம்” என்றேன். “பட்டியல் அனுப்புகிறேன், அதற்குத்தான் சரி என்றேன். சனிக்கிழமை பற்றி நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லையே” என்றார். போனை வைத்துவிட்டு மெயிலைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. சர்வர் நிற்கும் என்று அறிவித்திருந்தேன், சிரமம் இருக்காது என்று நானே முடிவு செய்து எழுதியிருந்தேன். நிறுத்தலாமா என்ற கேள்வி அந்த மெயிலில் எங்கேயும் இல்லை. தேதியும் இல்லை, மணியும் இல்லை. ‘வருகிற சனிக்கிழமை இரவு’ என்பதோடு சரி.

அந்த மூன்று பேருடைய ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மெயில் எழுதுவதை ஒரு வேலையாகவே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்தது, படிப்பவர் ஒரு மெயிலை எப்படி முடிக்கிறார் என்பது. என் மெயிலில் மூன்று வேலைகள் இருந்தன. ஒன்று யோசித்து முடிவெடுக்க வேண்டியது. இன்னொன்று இரண்டு நிமிடத்தில் பெயர்களை எழுதி அனுப்பக்கூடியது. மூன்றாவது பழைய ஃபைலைத் தேடி எடுக்க வேண்டியது. வேலைக்கு நடுவே மெயிலைத் திறப்பவர் உடனே முடிக்கக்கூடியதைத்தான் முதலில் முடிப்பார். முடித்துப் பதில் போட்டதும் அந்த மெயில் அவருக்கு முடிந்த மெயில். மீதி இரண்டும் ‘பதில் போட்டாகிவிட்டது’ என்ற கணக்கில் மறைந்துவிடும். இதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. நானும் மற்றவர்களின் மெயில்களுக்கு இப்படித்தான் பதில் போட்டு வந்திருக்கிறேன். நான் அனுப்பிய மெயில்களைப் புரட்டியபோது அது தெரிந்தது. இன்வாய்ஸ் ஃபைல், சொல்லப்போனால், ஜூலை கடைசி வரை வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மெயிலையும் அனுப்புமுன் ஒரு சோதனை செய்கிறேன். இதற்கு ‘சரி’ என்ற ஒரே சொல் பதிலாக வந்தால், எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வருமா? வந்தால் மெயில் இன்னும் தயாராகவில்லை. ஜூன் 24 மெயிலுக்கு அந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள். ‘சரி’க்கு மூன்று அர்த்தம் வருகிறது, நான் எனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி, ஒரு மெயிலுக்கு ஒரு கோரிக்கை. இதைச் சிலர் ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பயிற்சி வகுப்பு நடத்த அறை எண், நேரம், எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள் ஒரே ஆளிடம் கேட்க வேண்டியிருக்கலாம். மூன்றுக்கும் பதில் அவர் கையில் ஒரே இடத்தில் இருக்கிறது, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதை மூன்று மெயிலாக உடைத்தால் அவருக்குத்தான் தொல்லை. எண் போட்டு 1, 2, 3 என்று வரிசையாகக் கேட்டால் போதும், அவரும் அதே எண்களில் பதில் போடுவார். உடைக்க வேண்டியது எப்போது என்றால், முடிவுகள் வேறு வேறாக இருக்கும்போது. சர்வர் நிறுத்தத்துக்குச் சம்மதம் தருவது தலைவர். பட்டியல் தருவது அவருடைய பிரிவில் வேறு யாராகவும் இருக்கலாம். பழைய இன்வாய்ஸ் ஃபைலை எடுத்துத் தருபவர் மூன்றாவது ஆள். கெடுவும் மூன்றுக்கும் வேறு. மூன்றும் ஒரே மெயிலில் இருந்தால் அவரால் ஒன்றை மட்டும் உரியவருக்கு ஃபார்வர்ட் செய்ய முடியாது, மொத்தத்தையும் தள்ளிவிட்டு ‘இதில் இரண்டாவது பத்தியைப் பார்’ என்று எழுத வேண்டும். அவர் அதைச் செய்ய மாட்டார், மெயில் அங்கேயே கிடக்கும்.

சர்வர் நிறுவனம் அடுத்த கட்ட மாற்றத்துக்கு இரண்டு தேதிகள் கொடுத்தது: செப்டம்பர் 28, அக்டோபர் 5. இரண்டும் சனிக்கிழமை. எந்தத் தேதி என்று 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டும். செப்டம்பர் 28 என்பது மறுபடியும் காலாண்டு முடியும் நேரம். இந்த முறை மெயிலை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் எழுதியது ‘28 வசதியா, 5 வசதியா?’ என்று. அதற்கும் ‘சரி’ சோதனையை வைத்தேன். ‘சரி’ என்று பதில் வந்தால் எந்தத் தேதி? தெரியாது. அதோடு, இரண்டையும் எடை போட்டுப் பார்க்கும் வேலையை நான் அவர் தலையில் கட்டுகிறேன் என்பதும் தெரிந்தது. காலாண்டு முடிவு என்று எனக்கே தெரிந்திருக்கும்போது அவர் எதற்கு அதை யோசிக்க வேண்டும்? ஆகவே ஒரு தேதியை நானே முன்வைத்தேன்.

> சப்ஜெக்ட்: சம்மதம் தேவை (செப். 26-க்குள்): அக். 5 இரவு பில்லிங் சர்வர் நிறுத்தம்
>
> வணக்கம் மேடம்,
>
> அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு 10 முதல் 12 மணி வரை பில்லிங் சர்வரை நிறுத்த உங்கள் சம்மதம் வேண்டும். செப்டம்பர் 26, வியாழன் மாலை 5 மணிக்குள் சொன்னால், வெள்ளிக்கிழமை சர்வர் நிறுவனத்திடம் தேதியை உறுதி செய்துவிடுவேன்.
>
> அந்த இரண்டு மணி நேரம் பில் போடவோ, பழைய பில்லைப் பார்க்கவோ, அறிக்கை எடுக்கவோ முடியாது. சேமிக்காத வேலை எதுவும் திரும்பக் கிடைக்காது. செப்டம்பர் 28-உம் கிடைக்கும், ஆனால் உங்கள் காலாண்டு முடிப்பு அப்போது நடக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.
>
> வியாழன் மாலைக்குள் பதில் இல்லாவிட்டால் அக்டோபர் 5-ஐயும் எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வாய்ப்பு நவம்பரில்.

சப்ஜெக்டிலிருந்து தொடங்குகிறேன். ‘சர்வர் தொடர்பாக’ என்பது ஒரு துறையின் பெயர்தானே தவிர சப்ஜெக்ட் இல்லை. அதைப் பார்த்தால் திறக்க வேண்டுமா, எப்போது திறக்க வேண்டும், திறந்தால் என்ன செய்ய வேண்டும் என எதுவும் தெரியாது. நல்ல சப்ஜெக்டில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: அவர் செய்ய வேண்டியது என்ன, எதைப் பற்றி, எப்போதைக்குள். எது முன்னால் வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். போனில் மெயில் பட்டியலைப் பார்க்கும்போது சப்ஜெக்டின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதி மூன்று புள்ளிகளாகிவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். அதனால்தான் ‘சம்மதம் தேவை’ முதலில், கெடு அடுத்தது, விவரம் கடைசியில். வெட்டுப்பட்டாலும் ‘சம்மதம் தேவை (செப். 26’ வரை தெரிந்தால் அவருக்கு மெயில் பாதி புரிந்த மாதிரி.

நான் எழுதுவது பெரும்பாலும் மூன்று வார்த்தைகளில் ஒன்றில்தான் தொடங்கும்: ‘சம்மதம் தேவை’, ‘விவரம் தேவை’, ‘தகவலுக்கு’. கடைசியாகச் சொன்னது முக்கியம். படித்தால் மட்டும் போதும், எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படிப்பவருக்கு நிம்மதி. ஆனால் ‘தகவலுக்கு’ என்று போட்டுவிட்டு உள்ளே ஆறாவது வரியில் ஒரு வேலை கேட்டால், அடுத்த முறை நான் போடும் எந்த வார்த்தையையும் அவர் நம்ப மாட்டார். ‘அவசரம்’ என்ற சொல்லும் அப்படித்தான் செல்லாக் காசாகிறது. அதற்குப் பதில் நாளையும் மணியையும் போட்டால் அவசரமா இல்லையா என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

சப்ஜெக்ட் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இணைய நாகரிகம் குறித்து 1995-இல் வந்த RFC 1855 என்ற வழிகாட்டிக் குறிப்பே அதைச் சொல்லிவிட்டது. நாம் அதைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் Re: போடும்போதுதான். Re: என்பது லத்தீன் மொழியின் in re என்பதிலிருந்து வந்தது, ‘இந்த விஷயத்தில்’ என்று பொருள். ஆனால் ஒருவருக்கு மெயில் அனுப்ப வேண்டியிருந்தால் முகவரியைத் தேடச் சோம்பல்பட்டு, அவரிடமிருந்து வந்த ஏதோ ஒரு பழைய மெயிலுக்கு ரிப்ளை கொடுத்து அதிலேயே புதிய விஷயத்தை எழுதிவிடுகிறோம். ‘Re: மார்ச் மாத விடுப்புப் பட்டியல்’ என்ற சப்ஜெக்டின் கீழே சர்வர் நிறுத்தம் பேசப்படும். மூன்று மாதம் கழித்து அந்தச் சம்மதத்தைத் தேடினால் கிடைக்காது. விஷயம் மாறினால் புதிய மெயில்தான் எழுத வேண்டும். பழைய த்ரெட்டிலேயே சப்ஜெக்டை மட்டும் மாற்றலாமே என்றால், ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். சில மென்பொருள்கள், மெயிலுக்குள் மறைவாக இருக்கும் `In-Reply-To`, `References` என்ற வரிகளைப் பார்த்துப் பழைய த்ரெட்டோடே ஒட்டிவைக்கும். ஒருவருக்குப் பிரிந்தும் இன்னொருவருக்கு ஒட்டியும் தெரிந்தால் குழப்பம்தான்.

இதே காரணத்துக்காக, விஷயம் மாறாதவரை சப்ஜெக்டைத் தொடவே கூடாது. இந்த இடத்தில்தான் ஃபாலோ-அப் வருகிறது.

மெயில் போனது செப்டம்பர் 23, திங்கள் காலை. செவ்வாய் முழுக்கப் பதில் இல்லை. முன்பெல்லாம் இரண்டாவது நாளே ‘நினைவூட்டல்’ என்று ஒரு வரி அனுப்பிவிடுவேன். இப்போது என் பொறுமையிலிருந்து கணக்குப் போடுவதில்லை, கெடுவிலிருந்து பின்னோக்கிப் போடுகிறேன். வியாழன் மாலை 5 மணி கெடு. அவர் யோசிக்க, தன் ஆட்களிடம் கேட்க ஒரு முழு வேலை நாள் வேண்டும். அப்படியானால் நினைவூட்ட வேண்டிய நேரம் புதன் காலை. செவ்வாய்க்கிழமை கேட்பது நச்சரிப்பு. வியாழன் மாலை நான்கு மணிக்குக் கேட்பது கழுத்தைப் பிடிப்பது. கெடுவே இல்லாத மெயிலுக்கு இந்தக் கணக்கு போட முடியாது, கெடுவை முதல் மெயிலிலேயே எழுத வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கெடு உண்மையாக இருக்க வேண்டும், காரணத்தோடு இருக்க வேண்டும். ‘வெள்ளிக்கிழமை சர்வர் நிறுவனத்திடம் உறுதி செய்ய வேண்டும்’ என்று காரணம் சொன்னால் அது என் பிடிவாதமாகத் தெரியாது.

புதன் காலை, நான் அனுப்பிய அதே மெயிலைத் திறந்து அதற்கே ரிப்ளை கொடுத்தேன். பெறுநர் இடத்தில் அவர் முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் நாம் அனுப்பியதற்கு நாமே ரிப்ளை கொடுக்கும்போது சில நேரம் நம் முகவரியே வந்து உட்கார்ந்துவிடும்.

> மேடம், அக்டோபர் 5 இரவு 10 முதல் 12 வரை பில்லிங் சர்வரை நிறுத்தச் சம்மதமா? நாளை மாலை 5 மணி வரை நேரம் இருக்கிறது. அன்று உங்கள் பிரிவில் யாராவது இரவு வேலை பார்ப்பதாக இருந்தால் அதை மட்டும் சொன்னாலும் போதும், நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன்.

‘கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்’ என்று எழுதவில்லை. கேள்வியை முழுதாகத் திரும்ப எழுதினேன். கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்றாலே போனில் படிப்பவர் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று மூடிவிடுவார். இன்னொன்று, இந்த இரண்டாவது மெயில் அவருக்குப் பதில் சொல்வதை முதல் மெயிலைவிட எளிதாக்க வேண்டும். சம்மதம் தருவதற்கு அவர் தயங்கினால் அந்தத் தயக்கம் எதுவாக இருக்கும் என்று யோசித்து, அதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்தேன். அதே வரியை இரண்டாம் முறை அனுப்பினால் அதே மௌனம்தான் இரண்டாம் முறையும் கிடைக்கும்.

என் அணியில் ஒருவர், “அவருடைய மேலதிகாரியை சிசியில் போட்டுவிடுங்கள், உடனே பதில் வரும்” என்றார். வரும்தான். ஆனால் அது புகார். இரண்டே நாள் பதில் வராததற்குப் புகார் செய்வது நியாயம் இல்லை, அடுத்த முறை அவர் என் மெயிலைத் திறக்கும்போது முதலில் சிசியைத்தான் பார்ப்பார். மேலே கொண்டுபோகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் அவரிடமே சொல்லிவிட்டுச் செய்கிறேன்: “நாளைக்குள் முடிவு வராவிட்டால் உங்கள் மேலதிகாரியிடம் கேட்க வேண்டியிருக்கும் மேடம்.” பல நேரம் அந்தப் பேச்சோடே விஷயம் முடிந்துவிடும்.

ஐந்து பேரைப் பெறுநராகப் போடுவதும் இதே போலத் திருப்பி அடிக்கும். ஆளுக்கு ஆள் மற்றவர் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள். 1968-இல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல ஹெட்ஃபோனில் கேட்கவைத்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குமுன்பே உதவி கேட்டு வெளியே வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். மெயிலும் வலிப்பும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு உயிர் விஷயத்திலேயே இப்படி என்றால், என் சர்வர் விஷயத்தில் ஐவரில் ஒருவர் தானாக முன்வருவார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. முடிவெடுப்பவர் ஒருவரை மட்டும் பெறுநர் இடத்தில் போடுகிறேன், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் சிசியில்.

அப்புறம், பதில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதும் அந்தக் கடைசி வரி. இதை எழுதச் சொல்லிப் பலர் அறிவுரை சொல்வார்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் எந்தப் பக்கமாக எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவேன்’ என்று எழுதியிருந்தால், ஜூனில் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்கிறேன் என்று ஆகும். அவர் விடுப்பில் இருக்கலாம், மெயில் ஸ்பாமில் போயிருக்கலாம். நஷ்டம் அவருக்கு, முடிவு எனக்கு என்பது சரியில்லை. நஷ்டம் எனக்கு மட்டும் என்றால், உதாரணமாக என் அறிக்கையின் தலைப்பை மாற்றுவது போன்ற விஷயம் என்றால், ‘பதில் இல்லாவிட்டால் இப்படியே அனுப்பிவிடுகிறேன்’ என்று எழுதலாம். மற்றவர் வேலையைத் தொடும் எதற்கும், மௌனம் என்றால் ‘வேண்டாம்’ என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

வியாழன் காலையும் பதில் வரவில்லை. மூன்றாவது மெயில் அனுப்பவில்லை. இரண்டு மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால் மெயில் என்ற வழியே அன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டரை மணிக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து கூட்டங்களில் இருந்ததாகவும், இரண்டு மெயிலையும் பார்த்ததாகவும், தன் ஆட்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்ததாகவும் சொன்னார். போனிலேயே சம்மதம் வாங்கி முடித்திருக்கலாம். ஆனால் போனில் சொன்னது இருவர் நினைவிலும் இரண்டு மாதிரி தங்கும். ஒரே ‘சரி’யை இருவர் இரண்டு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்பது ஜூன் மாதம் நான் படித்த பாடம். “மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள் மேடம், அது போதும்” என்றேன்.

மாலை 4:10-க்கு அதே த்ரெட்டில் பதில் வந்தது.

> அக். 5 சரி. ஆனால் 10 மணி வேண்டாம், 11-லிருந்து 1 வரை வைத்துக்கொள்ளுங்கள். அன்று வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு 10:30 வரை போகும்.

வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. சர்வர் நிறுவனத்திடம் பேசி நேரத்தை மாற்றி வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை அதே த்ரெட்டில் ‘அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு 11 முதல் நள்ளிரவு 1 மணி வரை உறுதி செய்தாகிவிட்டது. நிறுத்துவதற்கு முன் 10:45-க்கு உங்களைப் போனில் அழைக்கிறேன்’ என்று எழுதி, இந்த முறை அவருடைய பிரிவில் அன்று வேலை பார்க்கவிருந்த மூன்று பேரையும் சிசியில் சேர்த்தேன். 10:45-க்கு அழைத்தபோது, “எல்லாம் சேமித்து மூடியாச்சு, நீங்கள் நிறுத்தலாம்” என்றார்.